அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கு யோக நித்திரை

மல்லாந்து படுங்கள், கண்களை மூடுங்கள், பயிற்சி முடியும்வரை உடலை அசைக்க வேண்டாம். யோக நித்திரை ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை இந்த மூன்று கட்டளைகளோடுதான் தொடங்குகின்றன. பொதுவாக நிம்மதியாக இருப்பவருக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. எந்நேரமும் பதற்றத்தோடு இருப்பவருக்கோ இந்த மூன்றுமே கடினம். மல்லாந்து படுத்தால் நெஞ்சு படபடப்பது காதுக்குள் கேட்கிறது. கண்ணை மூடினால் நாளைய கவலை முன்னால் வந்து நிற்கிறது. அசையக் கூடாது என்று சொன்ன மறுநிமிடமே கால் தானாக ஆடத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாமல் எழுந்துவிடுகிறார். ‘எனக்கெல்லாம் இது வராது’ என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்.

அப்படி எழுந்துபோனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்களிடம் குறை எதுவும் இல்லை. கவலை மிகுந்தவர் ஓய்வுக்குள் நுழையும் வழி வேறு. பொதுவாகக் கிடைக்கும் ஒலிப்பதிவுகள் அந்த வழியாகப் போவதில்லை.

யோக நித்திரை எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்று அந்தப் பெயரில் சொல்லித்தரப்படும் பயிற்சிக்கு வடிவம் கொடுத்தவர் சுவாமி சத்யானந்த சரஸ்வதி. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து ரிஷிகேஷில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தரின் சீடர் அவர். 1960களில் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளியை நிறுவினார். இந்தப் பயிற்சியைப் பற்றிய அவருடைய நூல் 1976இல் வெளிவந்தது. இதற்கான விதை எங்கே விழுந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். இளம் வயதில், சிறுவர்கள் வேதம் பயிலும் ஒரு பாடசாலையில் இரவுக் காவல் அவர் பொறுப்பு. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு விடியும் முன் அயர்ந்து தூங்கிவிடுவார். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் எழுந்து மந்திரம் ஓதுவார்கள். பிற்பாடு ஒரு நிகழ்ச்சியில் அதே மந்திரங்களைக் கேட்டபோது, கற்றுக்கொள்ளாத அவை தமக்குப் பழக்கமானவையாக இருப்பதைக் கண்டு வியந்தாராம். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே கேட்கும் ஆற்றல் மிச்சமிருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து வந்தது.

பயிற்சியின் நடுப்பகுதியை அவர் தாந்திரீக வழிபாட்டின் நியாசத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பூஜைக்கும் பாராயணத்துக்கும் முன்பு கரநியாசம், அங்கநியாசம் செய்பவர்களை நம் வீடுகளில் பார்த்திருப்போம். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, பிறகு இதயம், தலை என்று உடலின் இடங்களைத் தொட்டு மந்திரம் சொல்வார்கள். சத்யானந்தர் தொடுவதையும் மந்திரத்தையும் விலக்கிவிட்டு, கவனத்தை மட்டும் அதே போல இடம் இடமாக நகர்த்தச் சொன்னார். அதனால்தான் யோக நித்திரையிலும் சுற்று வலது கைக் கட்டைவிரலில் தொடங்குகிறது. அதற்கு முன்னும் பின்னும் வேறு படிகள் உண்டு. முதலில் சங்கல்பம் என்று ஒரு சிறு உறுதிமொழி. அடுத்து உடல் சுற்று, மூச்சை எண்ணுவது. அதன்பின் கனம்–லேசு, குளிர்–சூடு என்று எதிரெதிர் உணர்வுகளை வரவழைப்பது, மனக்காட்சிகள், மறுபடியும் சங்கல்பம், மெல்ல வெளியே வருவது. மொத்தம் 20 முதல் 40 நிமிடம்.

இந்தப் படிகள் எல்லாமே பதற்றக்காரருக்கு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. உடல் சுற்று பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கவனத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க ஒரு வேலை கிடைக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று குரல் நகரும்போது, ஓடிப் பழகிய மனமும் கூடவே ஓடிவிடுகிறது. மூச்சை எண்ணுவதும், உணர்வுகளை வரவழைப்பதும், காட்சிகளும்தான் சிக்கலான இடங்கள். மூல வடிவத்தின் காட்சி வரிசையில் மலை, கடல், கோயிலோடு கல்லறைப் பக்கத்துச் சவப்பெட்டி போன்ற படிமங்களும் வரும். எந்தப் படிமம் வந்தாலும் கலங்காமல் பார்த்துப் பழகத் தேர்ந்த சாதகருக்கு அது பயன்படலாம். மார்வலி வந்துவிடுமோ என்று இரவு முழுக்கப் பயந்து கிடப்பவருக்கு அது வேண்டாத வேலை.

ஓய்வே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதை உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். 1983இல் ஃப்ரெடரிக் ஹைடே, தாமஸ் போர்கோவெக் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதில் முக்கியமானது. எப்போதும் இறுக்கமாக இருப்பதாகச் சொன்ன 14 பேரை எடுத்துக்கொண்டு, ஒரே ஆளுக்கே இரண்டு முறைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று தசைகளை இறுக்கித் தளர்த்துவது. மற்றது அமர்ந்து மந்திரம் போன்ற ஒரு சொல்லில் மனத்தைக் குவிப்பது. தசைப் பயிற்சியின்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இறுக்கம் கூடியது. மனத்தைக் குவித்தபோதோ பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கூடியது. மிகச் சிறிய ஆய்வு இது. ஆனாலும் அது காட்டும் திசை சிகிச்சையாளர்கள் நேரில் காண்பதோடு பொருந்துகிறது. பதறுகிறவருக்குத் தசைகளுக்கு ஏதாவது செய்யக் கொடுப்பது, சும்மா இருக்கச் சொல்வதைவிடப் பாதுகாப்பானது.

ஏன் இப்படி ஆகிறது? மிஷெல் நியூமன், சாண்ட்ரா லேரா ஆகிய ஆய்வாளர்கள் 2011இல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. தீராத கவலை உள்ளவர் அதிகம் அஞ்சுவது துன்பத்தைக்கூட அல்ல. நிம்மதியாக இருக்கும் நேரத்தில் திடீரென்று துன்பத்துக்குள் விழுவதை. ஆகவே விழுவதற்கு உயரமே இல்லாதபடி, எப்போதும் கொஞ்சம் கவலையிலேயே தன்னை வைத்துக்கொள்கிறார். மகன் வீடு திரும்பும்வரை சிரிக்காமல் காத்திருக்கும் தாயின் மனநிலை இது. சிரித்துக்கொண்டிருக்கும்போது கெட்ட செய்தி வந்துவிட்டால் என்ன செய்வது? இப்படிப்பட்டவரிடம் போய், தோள்களைத் தளர விடுங்கள், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொன்னால், காவலைக் கைவிடச் சொல்வதாகத்தான் அவர் உடல் புரிந்துகொள்ளும். அது மறுத்துக் கூடுதலாக விழித்துக்கொள்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. கேட்பவரின் நெற்றி சுருங்குவதையும் கை இறுகுவதையும் அது பார்ப்பதில்லை. நீங்கள் இடது கையிலேயே திணறிக்கொண்டிருக்க, அது வயிற்றைத் தாண்டிப் போய்விடும். பின்தங்கிவிட்டோம் என்ற புதுக் கவலை சேர்ந்துகொள்கிறது. தசைத் தளர்வுப் பயிற்சியின் தந்தை எட்மண்ட் ஜேக்கப்சன். 1929இல் அவர் எழுதிய நூலிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. அவர் முறை மிக நீளமானது. அதை டக்ளஸ் பெர்ன்ஸ்டைனும் போர்கோவெக்கும் 1973இல் சுருக்கி, சிகிச்சையாளர்களுக்கான கையேடாக்கினார்கள். அதில் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஒரு தசை முழுமையாகத் தளர்ந்துவிட்டால் பயிற்சி பெறுபவர் ஒரு விரலை லேசாகத் தூக்க வேண்டும். விரல் அசையாவிட்டால் சிகிச்சையாளர் அடுத்த இடத்துக்குப் போக மாட்டார். பயிற்சியின் வேகம் பயிற்சி பெறுபவரின் கையில் இருக்கிறது. பதிவு செய்த குரலைவிட நேரில் ஒருவர் வழிநடத்தும்போது பலன் கூடுதலாகத் தெரிவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

என் சித்தி மகளின் கதையை அவள் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். முப்பதுகளில் இருக்கிறாள். கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை. மார்ச் மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். ஒரு வருடம் ஏப்ரல், மே ஆகியும் திரும்பி வரவில்லை. யாரோ அனுப்பிய அரை மணி நேர யோக நித்திரைப் பதிவை இரவில் போட்டுப் பார்த்திருக்கிறாள். “கண்ண மூடினாலே பயமா இருக்குக்கா. உடம்பு கனமாகுதுன்னு அதுல சொல்றாங்க இல்ல, அப்ப கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு” என்றாள். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினால்தான் அவளுக்கு ஆறுதல். பிறகு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனாள். அவர் முதலில் அந்தப் பதிவைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவைக்கச் சொன்னார். அடுத்து, பயிற்சியை இரவிலிருந்து மாலைக்கு மாற்றினார். இரவில் செய்தால், தூக்கம் வருகிறதா என்ற பரீட்சையாக அது ஆகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும், காப்பி குடிக்கும் முன்பு, கை வைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். படுக்கக் கூடாது. பாதங்கள் தரையில், முதுகு நாற்காலியில். கண்ணை மூட வேண்டியதில்லை. எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குக் கீழே ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். வலது கையை முஷ்டியாக மடக்கி, முழு பலத்தில் முக்கால்வாசி அளவுக்கு இறுக்குவது, ஐந்து முதல் ஏழு விநாடி. பிறகு சட்டென்று ஒரே நேரத்தில் விட்டுவிட வேண்டும். சிறிது சிறிதாகத் தளர்த்தினால் வித்தியாசம் தெரியாது. விட்ட பிறகு 30, 40 விநாடி வரை அந்தக் கையில் என்ன மாறுகிறது என்று கவனிப்பது. சூடு, துடிப்பு, விரல் நுனியில் ஊறல், எது வந்தாலும் சரி. ஒருமுறை திருப்பிச் செய்துவிட்டு மேல்கைக்குப் போவது. அப்படியே இடது கை, நெற்றி, கண்ணும் மூக்கும், தாடை, கழுத்து, தோளும் மார்பும், வயிறு, தொடைகள், கெண்டைக்கால்கள், பாதங்கள் என்று 16 தசைத் தொகுதிகள். முழுச் சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும் என்பதால் அவளுக்கு முதல் வாரம் கைகள் மட்டும்தான் தரப்பட்டன.

கவனம் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முக்கியமாக. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் கழுத்தை விட்டுவிடலாம். கெண்டைக்காலையும் பாதத்தையும் இறுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரக்களி பிடித்துக்கொள்ளும்.

வாசித்து வழிநடத்தியது சித்தி. பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தாளில் எழுதிவைத்து, மகள் விரல் தூக்கும்வரை அடுத்த வரிக்குப் போகாமல் காத்திருப்பார். முதல் சில நாட்கள் தாடையிலேயே நின்றுவிட்டார்கள். மற்ற இடத்திலெல்லாம் விரல் எழுந்தது; தாடைக்கு மட்டும் எழவில்லை. பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் பார்ப்பவளுக்கு அது அப்போதுதான் தெரியவந்தது. ஒரு பதிவுக்கு அந்த இடத்தில் நின்றிருக்கத் தெரிந்திருக்காது.

வழிநடத்த ஆள் இல்லாதவர் என்ன செய்வது? பதிவைத் துண்டு துண்டாகப் பயன்படுத்தலாம். கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓர் உறுப்பு முடிந்ததும் நிறுத்தி, தயாரானதும் தொடரலாம். எந்தப் பதிவையும் முதல் முறை பயிற்சியாகச் செய்யாமல், மேசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டு கடைசிவரை கேட்டுப் பார்ப்பது நல்லது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் குறையும். எங்கெல்லாம் நீண்ட மௌனம் வருகிறது என்று பாருங்கள். குரல் ஒரு நிமிடம் நின்றுபோனால் அந்த இடைவெளியைக் கவலை நிரப்பிவிடும். தொடக்கத்தில் பத்து விநாடிக்கு மேல் மௌனம் இல்லாத பதிவே உகந்தது. அசையக் கூடாது என்பதற்குப் பதிலாக, தேவைப்பட்டால் அசைந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறதா என்று பாருங்கள். யூடியூபில் கேட்பவர்கள் பதிவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். தசை தளரும் நேரத்தில் விளம்பரம் உரத்த குரலில் குறுக்கிட்டால், அடுத்த முறை அந்த இடம் வரும் முன்பே உடல் எச்சரிக்கையாகிவிடும்.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஆழமாக மூச்சை இழுங்கள்’ என்ற கட்டளை பதிவுகளில் தாராளமாக வருகிறது. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு மேலும் ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதன் விளைவாகத் தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், மூச்சு போதவில்லை என்ற உணர்வு வரும். உடனே அவர் இன்னும் ஆழமாக இழுப்பார். ஓய்வுப் பயிற்சியின் நடுவே பலருக்குப் பீதி கிளம்புவது இந்த வழியாகத்தான். மூச்சை அதன் போக்கில் விடுங்கள் என்று சொல்லும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், இழுப்பதைப் பெரிதாக்காமல் வெளிவிடுவதை மட்டும் கொஞ்சம் நீட்டலாம்.

சித்தி மகள் ஒரு சிறு நோட்டில் பயிற்சிக்கு முன்பும் பின்பும் இறுக்கத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்டு வந்தாள். எட்டு ஏழாவதும், ஏழு ஐந்தாவதும் போதும். பூஜ்யத்தை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. நடுவில் கை கால் வெடுக்கென்று துள்ளுவது, வயிறு கடமுடா என்பது, வாயில் எச்சில் ஊறுவது, காரணமில்லாமல் கண்ணில் நீர் வருவது எல்லாம் இயல்பானவை. உடல் தளரும்போது வரும், சில விநாடியில் போய்விடும், பின் எண்ணும் இறங்கியிருக்கும். உடல் தன்னுடையது இல்லை என்பது போலவோ மிதப்பது போலவோ தோன்றினால், பழைய கொடிய நினைவு காட்சியாக வந்தால், அல்லது மூன்று நான்கு நாள் தொடர்ந்து பின் எண் முன் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், அது வேறு விஷயம். அப்போது பொறுத்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. பதிவை நிறுத்தி, கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, எழுந்து நடக்க வேண்டும். வன்முறை, விபத்து போன்றவற்றின் பாதிப்பில் இருப்பவர்களும், இல்லாத குரல்கள் கேட்கும் நோய் உள்ளவர்களும் தனியாக இதில் இறங்காமல் மனநல மருத்துவரின் துணையோடு செய்வதே சரி.

இறுக்கித் தளர்த்துவது பழகிவிட்டபின் 16 தொகுதிகளை ஏழாகச் சேர்ப்பார்கள்; கை முழுவதும் ஒன்று, முகம் முழுவதும் ஒன்று என்பதாக. பிறகு நான்கு. அதன்பின் இறுக்காமலேயே தளர்த்துவது. இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் சித்தி மகள் யோக நித்திரைக்குத் திரும்பினாள். இந்த முறை பதிவு வீட்டிலேயே தயாரானது. சித்தியின் குரல், கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதி, மின்விசிறியை அணைத்த அறை, மொத்தம் 12 நிமிடம்.

அதன் அமைப்பைச் சொன்னால் மற்றவர்களும் தங்கள் வீட்டில் செய்துகொள்ளலாம். முதல் இரண்டு நிமிடம் அறையைப் பற்றியது. கதவு எங்கே இருக்கிறது, வெளியே என்ன சத்தம் கேட்கிறது, முதுகை எது தாங்குகிறது. கண்ணைத் திறந்தோ மூடியோ வைத்துக்கொள்ளலாம், கையைக் காலை அசைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதும் இதிலேயே வரும். அடுத்த ஒரு நிமிடம், பாதுகாப்பாக உணர்ந்த ஓர் இடத்தை நினைப்பது. அவள் தேர்ந்தெடுத்தது பாட்டி வீட்டுத் திண்ணை. இது அமெரிக்காவின் ரிச்சர்ட் மில்லர் யோக நித்திரையைத் திருத்தி அமைத்தபோது முன்பகுதியில் சேர்த்த படி. போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய வீரர்களிடம் அவர் முறை வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டது. நடுவில் எது கலக்கினாலும் திரும்பிப் போக ஓர் இடம் முதலிலேயே தயாராக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

பிறகு உடல் சுற்று. வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், விலா, இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், பாதம், கால் விரல்கள். அதே வரிசையில் இடது பக்கம். பிறகு முதுகு, பின் உச்சந்தலையிலிருந்து முகம் வழியாக வயிறுவரை. ஓர் உறுப்புக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி. இந்த வேகம்தான் முக்கியம். ஐந்தாறு விநாடி கொடுத்தால் மனம் அலுவலகத்துக்குப் போய் வந்துவிடும். ஒரு விநாடிக்குக் குறைந்தால் துரத்துவது போலிருக்கும். பெயரை மட்டும் சொல்ல வேண்டும், தளர்த்து என்று சொல்ல வேண்டியதில்லை. தளரவில்லையே என்ற கவலைக்கு அதில் இடமில்லை. சித்தி வகுப்பில் வாய்ப்பாடு சொல்லித்தரும் சீரான குரலில் படித்தார். ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பேசுவதைவிட அதுவே பொருந்தியது. இந்தச் சுற்று இரண்டு முறை வந்து ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மூச்சு எண்ணிக்கை, கனம்–லேசு, காட்சிகள் மூன்றையும் விட்டுவிட்டார்கள். கனம் என்பதற்குப் பதிலாகக் குதிகால் தரையைத் தொடுகிறது, தலை தலையணையைத் தொடுகிறது என்று தொடும் இடங்களை மட்டும் சொன்னார்கள். மூழ்குவது போன்ற பயம் அவளுக்கு அதில் வரவில்லை. கடைசி இரண்டு நிமிடம் மெல்ல வெளியே வருவது: விரல்களை அசைத்து, ஒருக்களித்துத் திரும்பி, கையூன்றி எழுவது. சங்கல்பம் அவளுக்கு முதலில் சுமையாக இருந்தது. ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னால் பொய் சொல்வது போலிருந்ததாம். பதிவில் அதைச் சேர்க்கவில்லை. அதனால் எதுவும் குறைந்துபோகவில்லை.

யோக நித்திரையைப் பற்றி இணையத்தில் உலவும் பெரிய வாக்குறுதிகளை நம்பி இதில் இறங்க வேண்டாம். ஒரு மணி நேர யோக நித்திரை நான்கு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம் என்பதற்குச் சான்று இல்லை. அதை நம்பித் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டால் பதற்றம்தான் கூடும். டோபமைன் 65 சதவீதம் கூடும் என்பது டென்மார்க்கில் செய்யப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வருகிறது. அதில் பங்கேற்றவர்கள் எட்டே பேர். எல்லோரும் பல்லாண்டு தியானப் பழக்கம் உள்ளவர்கள். இப்போதுதான் பாயை விரிக்கும் ஒருவருக்கு அந்த எண்ணால் எதுவும் தெரியாது. இதற்கு மாறாக, தசைத் தளர்வை அன்றாடச் சூழலுக்குள் கொண்டுபோகும் பயிற்சியை, தீராத பதற்ற நோய்க்கு உளவியல் சிகிச்சைக்கு நிகரான தேர்வுகளில் ஒன்றாகப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிகள் பரிந்துரைக்கின்றன.

உட்கார முடியாததற்குக் காரணம் மனத்தில் இல்லாமலும் இருக்கலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு போன்ற மாத்திரைகளாலும் சில மனநல மருந்துகளாலும், ஓர் இடத்தில் நிற்கவோ இருக்கவோ முடியாத தவிப்பு சிலருக்கு ஏற்படும். புது மருந்து தொடங்கிய பிறகு அல்லது அளவைக் கூட்டிய பிறகு அது வந்திருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாலையிலும் இரவிலும் படுத்தால் மட்டும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருந்து, நடந்தால் சரியாகிறது என்றால், உடலில் இரும்புச் சத்து இருப்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையில் தெரியும். கை நடுக்கம், எடை குறைவு, வேகமான நாடித்துடிப்பு சேர்ந்திருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் ஒலிப்பதிவு தீர்க்காது. பதற்றம் தாங்க முடியாமல், யாரிடம் போவது என்று தெரியாமல் இருப்பவர்கள் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பதிவு ஒரு கட்டத்துக்கு மேல் தேவைப்படாமல் போவதுதான் நல்ல அறிகுறி. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987இல் விவரித்த முறையில் இதற்கென்றே படிகள் உண்டு. இறுக்காமல் தளர்த்துவது ஐந்தாறு நிமிடத்தில் கைவந்த பிறகு, மூச்சை வெளிவிடும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒரே சொல்லைச் சொல்லிப் பழக வேண்டும். சில வாரங்களில் அந்தச் சொல்லே தளர்வைக் கொண்டுவரத் தொடங்கும். அடுத்து, நிற்கும்போதும் நடக்கும்போதும் தேவையில்லாத தசைகளை மட்டும் தளர்த்துவது. தட்டச்சு செய்கிற விரல்களுக்கு வேலை இருக்கிறது, தாடைக்கும் தோளுக்கும் இல்லை. கடைசிப் படியில், அடிக்கடி கண்ணில் படும் பொருளில், கடிகாரத்திலோ கைப்பேசியிலோ, நிறமுள்ள ஒரு சிறு ஒட்டுத் தாளை ஒட்டிவைப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு மூச்சு, அந்தச் சொல், உடலில் எங்கே இறுக்கம் என்று ஒரு பார்வை. அரை நிமிடத்துக்கும் குறைவு. ஒரு நாளில் 15, 20 முறை, பதற்றம் இல்லாத நேரங்களில். அப்போது பழகினால்தான் பதற்றம் வரும்போது அது கைகொடுக்கும்.

சித்தி மகள் மஞ்சள் ஒட்டுத் தாளைத் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள். சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிப்போய் அது தெரியாமலே போய்விடுகிறது. அப்போது நிறத்தை மாற்றுகிறாள்.